பேட்ச் எண் சரி என்று வந்தால் பொருளும் அசல்தானா?

“ஆன்லைனில் ஒரு சன்ஸ்க்ரீன் 24 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன், கடையில் அதே சாமான் 39 வெள்ளி. பேட்ச் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தேன், தயாரித்த தேதி சரியாக வருகிறது. சீல் உடையவில்லை. விற்பவரும் ஆத்தரைஸ்டு செல்லர் என்கிறார். அப்படியென்றால் ஒரிஜினல்தானே? அம்மாவுக்கு முகத்தில் மங்கு இருக்கிறது, அவருக்கும் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.”

நேராகச் சொல்லிவிடுகிறேன், இந்த மூன்றையும் சேர்த்து வைத்தாலும் அது அசல் என்று சொல்ல முடியாது. போலி என்றும் சொல்ல முடியாது. அதனால் அம்மாவுக்கு இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், நீங்களும் திறக்காமல் வையுங்கள். நான் மருந்தும் அழகுப் பொருள்களும் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன். சரக்கு கிடங்கில் வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரித்து, எண்களையும் தேதிகளையும் அச்சையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. க்ரீமுக்குள் என்ன இருக்கிறது என்று சோதிக்கும் ஆய்வக வேலை நான் செய்ததில்லை. ஆகவே கீழே சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தும் நாலு பேரிடம் கேட்டும் தெரிந்துகொள்ளக் கூடியவை மட்டும்.

முதலில் பேட்ச் எண். ஒரே தொட்டியில் கலக்கி, ஒரே ஓட்டத்தில் அடைத்த ஆயிரக்கணக்கான ட்யூப்களுக்கும் சேர்த்து ஒரே எண்தான் போடுவார்கள். நாளைக்கு அந்தக் கலவையில் ஏதாவது கோளாறு தெரிந்தால் எந்தெந்தப் பெட்டிகளைத் திரும்ப வாங்குவது என்று கண்டுபிடிக்கத்தான் அது. போலியைத் தடுப்பதற்காக வைத்த எண் இல்லை. உங்கள் கையில் இருக்கும் இந்த ஒரு ட்யூப் எது என்று அதற்குத் தெரியாது. போலி செய்கிறவர் கடைக்குப் போய் ஒரு அசல் ட்யூபை வாங்கி, அதில் இருக்கும் எண்ணை அப்படியே தன் பத்தாயிரம் ட்யூப்களில் அடித்துவிட்டால் எண் ‘சரியாக’த்தான் இருக்கும்.

எண்ணைப் போட்டால் தேதி காட்டும் அந்தத் தளங்கள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துடையவை அல்ல. எந்த பிராண்ட் எந்த வரிசையில் எண் எழுதும் என்ற வாய்பாடு மட்டும் அவற்றிடம் இருக்கும். உதாரணத்துக்கு 4137B2 என்று ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். பல நிறுவனங்கள் கையாளும் ஒரு முறைப்படி முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2024இன் 137ஆவது நாள் மே 16. தளமும் அதையே சொல்லும். (ஒரே இலக்கம் என்பதால் அது 2014ஆகவும் இருக்கலாம், அது வேறு விஷயம்.) இப்போது உங்கள் ட்யூபில் உள்ள எண்ணில் கடைசியில் இல்லாமல் நடுவில் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கும் ஒரு தேதி வரும், யாரும் அப்படி ஒரு ட்யூபைத் தயாரித்திருக்காவிட்டாலும். நிறுவனத்தின் தயாரிப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தா அது சொல்கிறது? கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அதனால் எண் என்ன என்பதைவிட அது எப்படி அடிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெட்டியின் படமும் எழுத்தும் அச்சகத்தில் முன்கூட்டியே அச்சாகி, தட்டையாக மடித்துத் தொழிற்சாலைக்கு வரும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அடைக்கும் அன்றுதான், அந்த வரிசையிலேயே அடிப்பார்கள், ஏனென்றால் அன்றுதான் எண்ணே தெரியும். ஆகவே அசல் பெட்டியில் அந்த எண் மற்ற எழுத்துகளோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். புள்ளி புள்ளியாக மை தெளித்தது போல இருக்கும், அல்லது லேசரில் மேல்பூச்சைச் சுட்டு எடுத்தது போல இருக்கும், அல்லது அழுத்திப் பதித்ததாக இருக்கும். கொஞ்சம் கோணலாகவும் இருக்கலாம். ட்யூபில் பல நேரம் தட்டையாக ஒட்டிய அடிமுனையில் எண்ணை அழுத்திப் பதித்திருப்பார்கள், நகத்தால் தடவினால் மேடும் பள்ளமும் தெரியும். எண் மற்ற எழுத்தின் அதே மையில், அதே பளபளப்புப் பூச்சுக்கு அடியில், அச்சுக் கோர்த்தது போல நேர்த்தியாக உட்கார்ந்திருந்தால் பெட்டி அச்சாகும்போதே எண்ணும் அச்சாகியிருக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்த போலிகளில் அடிக்கடி கண்ணில் பட்டது இதுதான். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது, நல்ல இயந்திரம் வைத்திருக்கும் போலிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் இப்படி இருந்தால் நான் அந்தப் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

போன வருஷம் என் அக்கா மகள் இப்படித்தான் ஒரு ட்யூபைக் கொண்டுவந்து காட்டினாள். எண்ணைக் கொஞ்சம் மாற்றி, மேலே சொன்ன 4137B2 என்றே வைத்துக்கொள்கிறேன். பெட்டியிலும் ட்யூபிலும் ஒரே எண், தளமும் மே 2024 என்கிறது. பெட்டியில் EXP 11/2027 என்று இருந்தது. அவளிடம் மருந்துக்கடையில் வாங்கிய அதே பொருளின் பழைய ட்யூப் ஒன்று பாதி தீர்ந்த நிலையில் இருந்தது, அதை எடுத்துவரச் சொன்னேன். அதில் எண்ணிலிருந்து வரும் தேதிக்கும் காலாவதித் தேதிக்கும் சரியாக மூன்று வருஷம். புதியதில் மூன்றரை வருஷம். ஒரே பொருளுக்கு ஆயுளை ஒரு பேட்சுக்கு ஒரு மாதிரி வைக்க மாட்டார்கள். கலவையை மாற்றினால் ஆயுளும் மாறலாம் என்பதால் பின்னால் இருந்த சேர்மானப் பட்டியலையும் ஒப்பிட்டோம், இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆக யாரோ பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, விற்க வசதியாகக் காலாவதியை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுத்தது.

அப்புறம் அந்த விற்பனையாளரின் பக்கத்தில் வாங்கியவர்கள் போட்ட படங்களைத் தேடினோம். இதை எல்லாரும் செய்யலாம், காசு செலவில்லை. பெட்டியின் அடிப்பகுதி தெரிகிற மாதிரி எடுத்த படங்கள் சில கிடைத்தன, எட்டு மாத இடைவெளியில் எடுத்தவை, எல்லாவற்றிலும் ஒரே எண். நன்றாக ஓடுகிற கடையில் சரக்கு தீர்ந்து புதிது வரும், எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் ஒரே எண் வந்தால் ஒன்று அவர் ஒரே தடவையில் மொத்தமாக வாங்கி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கும் இடத்திலிருந்து வாங்க வேண்டும். கடைசியில் பிராண்டின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் படங்களோடு எழுதினோம். பதில் வந்தது: அந்த எண் எங்களுடையதுதான், ஆனால் அது வேறொரு பொருளுக்குக் கொடுத்த எண். அதோடு முடிந்தது. தளம் கடைசி வரைக்கும் ‘சரி’ என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அது வேறு கதை. பலரும் உடனே போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அசல் பொருளாகவே இருக்கும். வேறொரு நாட்டு விநியோகஸ்தருக்குப் போன சரக்கு வெளியே கசிந்திருக்கும், யாரிடமிருந்து கசிந்தது என்று பிராண்ட் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எண்ணை அழித்திருப்பார்கள். சிங்கப்பூரில் அசல் பொருளை வேறு வழியில் இறக்குமதி செய்து விற்பது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனால் அந்தச் சரக்கு எத்தனை நாள் எந்தச் சூட்டில் கிடந்தது, காலாவதித் தேதியையும் சேர்த்து அழித்தார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. பேட்ச் எண் இல்லாவிட்டால், பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வரும்போது அது உங்கள் ட்யூபுக்கும் பொருந்துமா என்றும் தெரியாது. நான் வாங்க மாட்டேன்.

சீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சீல் சொல்வது ஒன்றுதான், ஒட்டியவருக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை என்பது. ஒட்டியவர் யார் என்பதை அது சொல்லாது. ட்யூபை வாய் வழியாக நிரப்புவதில்லை, அடிப்பக்கம் திறந்திருக்கும்போது அந்த வழியாக நிரப்பி, பிறகு அடிமுனையைச் சூடாக்கி ஒட்டுவார்கள். ஆகவே வாயில் உள்ள அலுமினியத் தாள் உடையாமல் இருப்பது உள்ளே இருப்பதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. டப்பாவின் மூடிக்கு அடியில் ஒட்டும் தாளுக்கும் கையில் பிடிக்கும் சின்ன இயந்திரம் விற்கிறது. மேலே சுற்றும் பிளாஸ்டிக் உறைக்குச் சூடான காற்று அடித்தால் போதும், மினுமினுக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர் சுருள் கணக்கில் கிடைக்கிறது. மறுபக்கம், சில அசல் பிராண்டுகள் சீலே வைப்பதில்லை. சீல் கிழிந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள், முழுசாக இருந்தால் அதற்கு மதிப்பெண் எதுவும் போடாதீர்கள்.

இனி ‘ஆத்தரைஸ்டு’. யார் அங்கீகரித்தார்கள், எதற்கு, எதுவரை என்று கேட்க வேண்டும். பிராண்ட் நேரடியாகக் கொடுத்ததா, உள்ளூர் விநியோகஸ்தர் கொடுத்ததா, சிங்கப்பூரில் விற்கக் கொடுத்ததா, இணையத்தில் விற்கவும் சேர்த்தா, எந்த வருஷம் வரைக்கும்? கேட்டால் சிலர் கடிதத்தின் படம் ஒன்றை அனுப்புவார்கள். அதில் உள்ள நிறுவனப் பெயரையும் UEN என்ற நிறுவனப் பதிவு எண்ணையும், நிறுவனங்களின் அரசுப் பதிவேடான BizFile தளத்தில் தேடிப் பாருங்கள், அடிப்படைத் தேடல் இலவசம். அந்த நிறுவனம் இன்னும் நடக்கிறதா, கடையின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியும். கடிதத்திலேயே இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள், எடுப்பவரும் அவர் ஆளாக இருக்கலாம். பிராண்டின் சொந்த இணையப் பக்கத்திலிருந்து எண்ணை எடுங்கள்.

விற்கும் தளமே கடையின் பெயருக்குப் பக்கத்தில் போடும் ‘அதிகாரபூர்வக் கடை’ முத்திரை ஓரளவு நம்பத் தக்கது, ஆவணம் ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் அது பிராண்டின் சொந்தக் கடையா, பல பிராண்டுகளை விற்கும் வியாபாரியின் கடையா என்று உள்ளே போய்ப் பாருங்கள். உள்துறை அமைச்சு 2022 முதல் மின்வணிகத் தளங்களுக்கு டிக் போட்டு மதிப்பிடுகிறது, அதிகபட்சம் நான்கு டிக். அதைப் பொருளின் தரத்துக்கான மதிப்பீடு என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். மோசடியைத் தடுக்க விற்பனையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கிறார்களா, பணத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்களா என்பவற்றுக்கானது அது. டிக் நான்கும் இருக்கும் தளத்திலும் போலி ட்யூப் கிடைக்கலாம்.

கடிதத்தைவிட எனக்கு உதவியாக இருந்தது பெட்டியின் மேல் இருக்கும் உள்ளூர் முகவரி. அழகுப் பொருளை இங்கே விற்பனைக்குக் கொண்டுவரும் நிறுவனம் முதலில் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆசியான் நாடுகளின் பொதுவான விதிப்படி உள்ளூர்ச் சந்தைக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயர், முகவரி, பேட்ச் எண், தயாரித்த அல்லது காலாவதியாகும் தேதி, முழுச் சேர்மானப் பட்டியல் எல்லாம் பொருளின் மேல் இருக்க வேண்டும். பெரும்பாலும் பின்பக்கம் சின்னதாக ஒரு ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள், அறிவித்தல் என்றால் ஆணையம் பொருளைச் சோதித்து ஒப்புதல் கொடுத்தது என்று ஆகாது, பொறுப்பு அந்த நிறுவனத்துடையது. ஆனால் கேள்வி கேட்க ஒரு வாசல் கிடைக்கிறது. உள்ளூர் முகவரி ஸ்டிக்கராகவோ அச்சாகவோ எங்குமே இல்லையென்றால் அந்தப் பொருள் இந்தச் சந்தைக்காக முறையாக வந்தது இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

அந்த நிறுவனத்துக்கோ பிராண்டுக்கோ எழுதும்போது ‘இது ஒரிஜினலா’ என்று கேட்டால் ‘எங்கள் பட்டியலில் உள்ள கடைகளில் வாங்குங்கள்’ என்று பொதுவாக ஒரு பதில் வரும். இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள்: இந்தப் பொருளுக்கு இந்தப் பேட்ச் எண் உங்கள் பதிவில் இருக்கிறதா, அது சிங்கப்பூருக்கு வந்ததா? இன்ன பெயருள்ள கடை உங்களிடம் சரக்கு எடுக்கிறதா? பெட்டியின் அடி, ட்யூபின் அடிமுனை, பின்பக்க ஸ்டிக்கர் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து விற்பனைப் பக்கத்தின் இணைப்போடு அனுப்புங்கள். அப்படி ஒரு எண்ணே இல்லை, அல்லது வேறு பொருளின் எண் என்றால் போலி, யோசிக்க ஒன்றும் இல்லை. எண் உண்டு, ஆனால் வேறு நாட்டுக்குப் போனது என்றால் கசிந்து வந்த அசலாகவும் இருக்கலாம், எண்ணைத் திருடிய போலியாகவும் இருக்கலாம், இங்கே யாராலும் தூரத்திலிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. எண்ணும் வந்தது, கடையும் எங்கள் வாடிக்கையாளர்தான் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நான் நம்புவது இந்தக் கடைசிப் பதில் ஒன்றைத்தான்.

மருந்துக்கும் இதே குழப்பம் உண்டு. இங்கே பதிவான மருந்துகளுக்கு SIN12345P போன்ற வடிவில் ஒரு எண் இருக்கும், ஆணையத்தின் தளத்தில் தேடினால் மருந்தின் பெயரும் நிறுவனமும் வரும். அந்த மருந்து பதிவானது என்பதற்கு அது சான்று, கையில் உள்ள அட்டை அசல் என்பதற்குச் சான்று இல்லை, எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்தை இணையச் சந்தையில் தனி ஆள் விற்றால் எண்ணையும் சீலையும் பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள், வாங்காமல் விடுங்கள். 2008இல் இங்கே என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்காது. சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று விழுந்து மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் சாப்பிட்ட ஆண்மை மாத்திரைகளில், போலி சியாலிஸ் உட்பட, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்தது ஆய்வகத்தில் தெரியவந்தது. நான்கு பேர் இறந்தார்கள். மாத்திரைக்குள் இன்னொரு மருந்து இருக்கிறது என்பதைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் கவலை. சன்ஸ்க்ரீன் போலியாக இருந்தால் முதல் பாதிப்பு அதில் வெயிலைத் தடுக்கும் பொருளே போதிய அளவு இல்லாமல் போவது. தடவினால் வழக்கமான க்ரீம் போலத்தான் இருக்கும், வாசனையும் ஒத்துப்போகும், ஆனால் மங்கு வெயில் பட்டால் கறுத்துக்கொண்டே போகும். பூசுகிறோம் என்ற தைரியத்தில் அவர் வெயிலில் நடப்பார். மங்குக்கு என்றே இணையத்தில் விற்கும் வெளுப்பு க்ரீம்கள் இதைவிட மோசம். பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த க்ரீம்களைப் பற்றி ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது. சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகி, நிறுத்தியதும் சிவந்து எரிந்து முன்னைவிட மோசமானால் ஸ்டீராய்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மங்கு அவ்வளவு வேகமாகப் போகிற ஒன்று இல்லை. எது அவருக்கு ஏற்றது என்பதைத் தோல் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: செயலியில் ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அழுத்தியதும் உங்கள் பணம் விற்பவருக்குப் போய்விடும், அழுத்தாவிட்டாலும் சில நாளில் தானாகப் போய்விடும், ஆகவே பிராண்டின் பதில் வரத் தாமதமானால் காத்திருக்காமல் திருப்பி அனுப்பும் கோரிக்கையை முதலில் போட்டுவிடுங்கள். உரையாடலையும் ‘ஆத்தரைஸ்டு’ என்று அவர் சொன்ன வரியையும் படம் பிடித்து வையுங்கள். பணம் போய்விட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு வருஷத்துக்குள் கொண்டுபோகலாம். ஆனால் விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் 24 வெள்ளிக்காக அவரைப் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை, அதனால்தான் அந்தப் பொத்தானைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். ஏற்கெனவே யாராவது பூசித் தோலில் ஏதாவது வந்திருந்தால் ட்யூபையும் பெட்டியையும் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், ஆணையத்துக்கும் தெரிவியுங்கள். அவர்களால் அதற்குள் என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க முடியும், அதற்கு அந்த ட்யூப் வேண்டும்.